நுழைவுத் தடைகள்

ஒரு தொழிலில் ஏற்கெனவே இருக்கும் நிறுவனங்கள் நல்ல லாபம் பார்த்துவந்தாலும், புதியவர்கள் அதில் இறங்க முடியாதபடியோ, இறங்கினாலும் நிலைக்க முடியாதபடியோ செய்யும் காரணங்களைப் பொருளியலில் நுழைவுத் தடைகள் என்கிறார்கள். லாபம் இருக்கும் இடத்துக்குப் போட்டியாளர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால் விலை இறங்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அது பலிக்காத சந்தைகளை விளக்க இந்தக் கருத்து உதவுகிறது. இந்தியாவின் கைபேசிச் சேவை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2008-ல் உரிமம் மலிவாகக் கிடைத்தும் உள்ளே வந்த புதியவர்கள் நிலைக்கவில்லை. 2016-ல் வந்த ரிலையன்ஸ் ஜியோ சில ஆண்டுகளில் முதலிடத்தைப் பிடித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தடை எங்கே இருந்தது என்பது புலப்படும்.

கருத்தின் வளர்ச்சி

இக்கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோ பெயின். 1956-ல் வெளியான தம் நூலில் அவர் அமெரிக்காவின் 20 உற்பத்தித் தொழில்களை ஆராய்ந்தார். பழைய நிறுவனங்களுக்கு இருக்கும் செலவு அனுகூலம், வாடிக்கையாளர்களிடம் அவற்றின் பெயருக்கு உள்ள மதிப்பு, பேரளவு உற்பத்தியால் வரும் சிக்கனம் ஆகிய மூன்றையும் அவர் முக்கியத் தடைகளாகக் கண்டார்.

ஜார்ஜ் ஸ்டிக்லர் இதை ஏற்கவில்லை. பழைய நிறுவனமும் ஒரு காலத்தில் அதே செலவைச் செய்துதான் வந்தது என்றால், அதை எப்படித் தடை என்பது என்று அவர் கேட்டார். புதியவர் மட்டுமே சுமக்க வேண்டிய, பழையவர் சுமக்காத செலவுதான் அவர் கணக்கில் தடை. 1980-களில் வில்லியம் பாமோலும் அவருடைய சகாக்களும் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். தொழிலை விட்டுப் போகும்போது போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதே முக்கியம் என்றார்கள். எடுக்க முடிந்தால், எவ்வளவு பெரிய முதலீடும் பெரிய தடையல்ல. எடுக்க முடியாத பணம் ‘மீளாச் செலவு’ எனப்படுகிறது.

உரிமமும் அலைக்கற்றையும்

கைபேசிச் சேவையில் முதல் தடையை வைத்தது அரசு. நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 1994-ம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் தரப்பட்டது. வானொலி அலைவரிசை அளவோடுதான் இருக்கிறது, கேட்பவர்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் போதாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் கதவு 2008 ஜனவரியில் அகலத் திறந்தது. 2001-ல் நிர்ணயித்த விலைக்கே 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. நாடு முழுவதற்குமான உரிமத்தின் விலை 1,658 கோடி ரூபாய். யூனிநார், எடிசலாட் டிபி, எஸ் டெல், வீடியோகான் என்று புதுப் பெயர்கள் சந்தைக்கு வந்தன.

ஆனால் உரிமத்தோடு அவர்களுக்குக் கிடைத்தது 1,800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் சிறிதளவு அலைக்கற்றை மட்டுமே. முதலில் வந்த நிறுவனங்களின் கையில் 900 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. அதிர்வெண் குறைந்த அலை அதிகத் தொலைவு செல்லும், சுவரையும் எளிதில் ஊடுருவும். ஆகவே அதே ஊருக்குச் சேவை தர, பழையவரைவிடப் புதியவருக்கு அதிகக் கோபுரங்கள் தேவைப்பட்டன. ஸ்டிக்லர் சொன்ன பொருளிலேயே இது தடைதான், ஏனென்றால் பழையவர் ஒருபோதும் இந்தக் கூடுதல் செலவைச் செய்யவில்லை.

மீளாச் செலவு

கோபுரங்களை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள அனுமதி இருந்ததால், புதியவர்கள் அவற்றைக் கட்டாமல் வாடகைக்கு எடுக்க முடிந்தது. அந்த அளவுக்குத் தடை தணிந்தது. ஆனால் விளம்பரத்துக்கும், கடைக்காரர்களின் கமிஷனுக்கும், சலுகை விலை சிம் கார்டுகளுக்கும் கொட்டிய பணம் திரும்பி வராது. ஒரு பகுதியில் ஆயிரம் பேர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும் வலையமைப்பை இயக்கும் அடிப்படைச் செலவு அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் குறைந்த வாடிக்கையாளர்களைக் கொண்டவருக்கு ஒரு நிமிடப் பேச்சின் அடக்க விலை கூடுதலாகிறது. 2009-ல் டாடா டோகோமோ ஒரு விநாடிக்கு ஒரு பைசா என்ற கட்டணத்தைக் கொண்டுவர, மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். புதியவர்கள் அதிக அடக்க விலையோடு நாட்டிலேயே மிக மலிவான கட்டணத்துக்குச் சேவை தர வேண்டியதாயிற்று.

2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. எடிசலாட் உள்ளிட்ட வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சிலர் வெளியேறினார்கள். இவர்கள் தோற்றது தீர்ப்பினாலா, சந்தையினாலா என்று கேட்கலாம். யூனிநாரின் கதை இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. அதன் பின்னால் இருந்த நார்வே நாட்டு டெலிநார், மறு ஏலத்தில் ஆறு வட்டங்களுக்கு அலைக்கற்றை வாங்கிச் சேவையைத் தொடர்ந்தது. செலவைக் குறைத்து, மலிவான கட்டணத்தில் கவனம் வைத்தும் அதனால் வேரூன்ற முடியவில்லை. 2018-ல் அதன் இந்தியத் தொழில் ஏர்டெல்லோடு இணைந்தது.

போட்டியாளரைச் சார்ந்திருத்தல்

புதிய உணவகம் நடத்துபவருக்குப் பக்கத்து உணவகத்தின் உதவி தேவையில்லை. புதிய கைபேசி நிறுவனம் போட்டியாளரின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு நாள்கூட நடக்காது. வாடிக்கையாளர் தான் அழைக்கும் நபர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. அழைப்புகள் எல்லோருக்கும் சமமாகப் பரவுவதாகக் கொள்வோம். சந்தையில் 5 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனத்தின் 100 அழைப்புகளில் 95 போட்டியாளர்களின் வலையமைப்புக்குள் போக வேண்டும். 30 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது 70 மட்டுமே.

இரு வலையமைப்புகளும் சேரும் இடம் இணைப்பு முனை எனப்படும். வழக்கமான இ-1 இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் செல்லலாம். மாலை நெரிசலில் ஒரே நேரத்தில் 3,000 பேர் அடுத்த நிறுவனத்தின் எண்களோடு பேச வேண்டுமானால் குறைந்தது 100 இணைப்புகள் வேண்டும். 50 மட்டுமே கிடைத்தால் அந்த நேரத்தில் பாதிப் பேருக்கு அழைப்பு போகாது. அவர்கள் தங்கள் புதிய சிம்மைத்தான் குறை சொல்வார்கள். இணைப்பைத் தர வேண்டியவரோ மறுபக்கத்தில் இருக்கிறார்.

2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ சேவையைத் தொடங்கியபோது நடந்தது இதுதான். இணைப்பு முனைகளின் நெரிசலால் 1,000 அழைப்புகளில் 5-க்கு மேல் தடைபடக் கூடாது என்பது விதி. தடைபட்டவை அதைவிட மிக அதிகம். இலவசச் சலுகையால் அழைப்புகள் ஒரு பக்கமாகவே வந்து குவிகின்றன, ஒரு நிமிடத்துக்கு 14 பைசா இணைப்புக் கட்டணம் தங்கள் செலவுக்குப் போதாது என்று பழைய நிறுவனங்கள் வாதிட்டன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏற்கவில்லை. அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது. அதைக் கட்டச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை நோட்டீஸ் அனுப்பியது 2021-ல். அதற்குள் சந்தையின் முகமே மாறிவிட்டிருந்தது.

வாடிக்கையாளர் மாறத் தயங்குதல்

பல ஆண்டுகளாக உறவினர்களிடமும் வங்கியிலும் கொடுத்துவைத்த எண்ணை இழக்க யாரும் விரும்புவதில்லை. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தபோது இந்தத் தடை தளர்ந்தது. இரண்டு சிம் போடக்கூடிய கைபேசிகளும் துணை நின்றன, பழைய எண்ணை வைத்துக்கொண்டே புதியதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஜியோவுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. அதன் வலையமைப்பு 4ஜி மட்டுமே, சாதாரண பட்டன் போனில் அது வேலை செய்யாது. அதனால் அந்நிறுவனம் லைஃப் என்ற பெயரில் கைபேசிகளை விற்றது. பின்னர் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஜியோபோனையும் தந்தது. சேவையை விற்பதற்கு முன் கருவியையும் தானே தர வேண்டியிருந்தது இன்னொரு நுழைவுச் செலவு.

ஜியோ நுழைந்த விதம்

2010 ஏலத்தில் நாடு முழுவதற்குமான அகலக்கற்றை அலைவரிசையை இன்ஃபோடெல் என்ற சிறிய நிறுவனம் 12,848 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ரிலையன்ஸ் உடனே அதன் 95 சதவீதப் பங்குகளை வாங்கியது. அந்த அலைக்கற்றை தரவுச் சேவைக்கானது. குரல் சேவைக்கு அனுமதி பெற 2013-ல் மேலும் 1,658 கோடி கட்டப்பட்டது. அதன்பின் மூன்று ஆண்டுகள் வருமானமே இல்லாமல் வலையமைப்பு மட்டும் கட்டப்பட்டது. தொடங்கிய பிறகும் 2017 மார்ச் வரை சேவை இலவசம். அதற்கு முந்தைய மாதமே 10 கோடி வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

சிறிதாகத் தொடங்கி மெல்ல வளரும் பாதை இந்தத் தொழிலில் அடைபட்டிருந்தது. அடக்க விலையைக் குறைக்கும் அளவுக்கு வாடிக்கையாளர்களை ஒரே மூச்சில் சேர்ப்பதுதான் மிஞ்சிய வழி. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வந்த வருமானத்தால் ரிலையன்ஸால் அதுவரை தாங்க முடிந்தது. இந்த இலவசம் போட்டியை அழிக்கும் விலை என்று ஏர்டெல் புகார் செய்தது. சந்தையில் ஆதிக்கம் இல்லாத புதியவர் மீது அந்தக் குற்றம் நிற்காது என்று 2017-ல் இந்தியப் போட்டி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது.

கண்டறிதலும் வரம்பும்

ஒரு சந்தையில் புதியவர் வராததை மட்டும் வைத்து அங்கே தடை இருப்பதாக முடிவுகட்ட முடியாது. லாபமே இல்லாத இடத்துக்கும் யாரும் வர மாட்டார்கள். லாபம் நீண்ட காலம் உயர்ந்தே இருக்கிறதா, வந்தவர்கள் ஏன் போனார்கள், போகும்போது எதை விற்க முடிந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றிகரமான ஒரு நுழைவு அடுத்தவருக்கான தடையை உயர்த்தவும் கூடும். தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், ஜியோவின் வருகைக்குப் பின் 2018-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் பிஎஸ்என்எல்லையும் சேர்த்து நான்கு மிஞ்சின. 2022-ல் 5ஜி ஏலத்தில் அதானி குழுமம் 212 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தபோது புதிய போட்டியாளர் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. பொதுமக்களுக்கான கைபேசிச் சேவையை அது தொடங்கவில்லை. 2025-ல் அந்த அலைக்கற்றையை ஏர்டெல்லுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜியோவுக்குப் பின் நாடு தழுவிய கைபேசி நிறுவனம் எதுவும் புதிதாக வரவில்லை.