சளி பிடிச்சிருக்கு... வாக்கிங் போகலாமா, வேண்டாமா? கழுத்தைத் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள்!

காலை 5.30 மணி அலாரம் அடிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் மூக்கு ஒரு பக்கம் அடைத்திருக்கிறது, தொண்டையில் லேசான கரகரப்பு. ஷூவை மாட்டலாமா, போர்வையை இழுத்து மூடலாமா? 'ஒருநாள் விட்டா அப்படியே விட்டுப்போயிடும்' என்று மனசின் ஒரு பாதி சொல்லும். 'உடம்பு முடியாதப்போ என்ன எக்சர்சைஸ் வேண்டிக்கிடக்கு' என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். இரண்டு பேர் சொல்வதும் சில நாள்களில் சரி, சில நாள்களில் தப்பு. எந்த நாளில் யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க, விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'நெக் செக்'. தமிழில் 'கழுத்து விதி' என்று வைத்துக்கொள்வோம்.

1993-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் ராண்டி ஐக்னர், நோயாளிகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து எழுதியது இது. உங்கள் தொந்தரவுகளைக் கழுத்துக்கு மேலே, கழுத்துக்குக் கீழே என்று இரண்டாகப் பிரியுங்கள். மூக்கு ஒழுகுவது, மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக் கரகரப்பு, லேசான தலைபாரம் எல்லாம் கழுத்துக்கு மேலே. இவை மட்டும்தான் என்றால் மெதுவாகச் செய்து பார்க்கலாம். நெஞ்சுச் சளி, நெஞ்சிலிருந்து வரும் இருமல், மூச்சு வாங்குவது, உடம்பு வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை கழுத்துக்குக் கீழே. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு லீவு. காய்ச்சல் எந்தப் பக்கத்திலும் சேராது. அது முழு உடம்புக்கும் சொந்தம். அதனால் காய்ச்சல் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, ஓய்வுதான்.

'மேலே மட்டும்தான்' என்று தெரிந்தவுடன் வழக்கமான ஓட்டத்தை ஓடிவிடக் கூடாது. முதல் 10 நிமிடங்கள் உங்கள் வழக்கமான வேகத்தில் பாதி. மூக்கு திறந்துகொண்டு, தலை லேசானால் தொடரலாம். உடல் சூடாகும்போது மூக்கின் உள்சவ்வில் வீக்கம் குறைவதால் பலருக்கு இப்படித்தான் ஆகும். மாறாக, ஒவ்வொரு அடிக்கும் தலை 'விண் விண்' என்று தெறித்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பி நடங்கள். யோகா செய்பவர்கள் அந்த நாள்களில் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. சைனஸ் அடைத்திருக்கும்போது சிரசாசனம் போட்டால் தலை வெடிப்பதுபோல இருக்கும்.

எடை போடப்பட்ட டிஷ்யூ பேப்பர்!

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான ஆய்வு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் குழுவினர் செய்தது, 1998-ல் வெளியானது. 50 மாணவர்களின் மூக்கில் சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸை வேண்டுமென்றே விட்டார்கள். அவர்களில் 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்தார்கள், 16 பேர் சும்மா இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு சளி என்பதைத் தெரிந்துகொள்ள, அவர்கள் மூக்கைச் சிந்திய டிஷ்யூ பேப்பரைக்கூட எடை போட்டார்கள். 10 நாள்கள் கழித்துப் பார்த்தால், இரு குழுவுக்கும் ஜலதோஷத்தின் கடுமையிலும் சரி, அது நீடித்த நாள்களிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, மிதமான உடற்பயிற்சி சளியை அதிகமாக்கவில்லை. இரண்டு, அது சளியைக் குறைக்கவும் இல்லை. 'ஓடினா சளி ஓடிடும்' என்று சொல்லி எழுப்பும் நண்பரிடம் இந்த இரண்டாவது சேதியைச் சொல்லுங்கள். அதோடு, சோதிக்கப்பட்டது இளவயது, ஆரோக்கியமான உடம்புகள், ஒரே ஒரு சாதுவான வைரஸ், மிதமான பயிற்சி. நமக்கு வந்திருப்பது அந்தச் சாது வைரஸ்தானா என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கலே.

வேர்த்தால் காய்ச்சல் விடுமா?

'நல்லா வேர்த்துடுச்சு, இனிமே காய்ச்சல் விட்டுடும்' என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது சரிதான், ஆனால் அதை நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். காய்ச்சலின்போது மூளை, உடல் வெப்பத்தின் அளவுகோலை உயர்த்தி வைக்கிறது. அதை மறுபடி இறக்கி வைக்கும்போது, கூடுதல் சூட்டை வெளியேற்ற உடல் வேர்க்கிறது. அதாவது, காய்ச்சல் விடுவதால் வேர்க்கிறது. வேர்ப்பதால் காய்ச்சல் விடுவதில்லை. டிரெட்மில்லில் ஓடி வேர்க்கவைத்தால், ஏற்கெனவே சூடாக இருக்கும் உடம்பில் தசைகள் இன்னும் சூட்டைக் கொட்டும், நீர்ச்சத்தும் போய்விடும்.

இதயத்துக்கும் இது கூடுதல் வேலை. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 ஏறும். ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே இதயம் மெதுவாக நடப்பவரின் இதயம்போல உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஓட்டத்தையும் ஏற்ற வேண்டுமா?

மருத்துவர்கள் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. சில வைரஸ்கள் மூக்கோடு நிற்காமல் இதயத் தசைக்கும் போய் அங்கே அழற்சியை உண்டாக்கும். இதற்கு மயோகார்டிட்டிஸ் என்று பெயர். காக்ஸாக்கி என்ற வைரஸ் இதில் பேர்போனது. அந்த வைரஸைக் கொடுத்த எலிகளைக் கட்டாயப்படுத்தி நீந்தவைத்த பழைய ஆய்வில், ஓய்வில் இருந்த எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, இறப்பும் அதிகமானது. மனிதர்களை அப்படிச் சோதிக்க முடியாது. இது எல்லோருக்கும் வருவதும் இல்லை, அபூர்வம்தான். ஆனால், வந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கே குலைந்து, மைதானத்திலேயே சுருண்டு விழ நேரலாம். இதிலிருந்து மீண்ட விளையாட்டு வீரர்களை 3 முதல் 6 மாதங்கள்வரை கடும் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைப்பது வழக்கம். மூன்று நாள் ஓய்வு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவர்

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் கதை இது. 41 வயது, தினமும் 5 கிலோமீட்டர் ஓடுபவர், ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். திங்கள்கிழமை மூக்கு ஒழுகியது, பாதி வேகத்தில் ஓடினார். தப்பில்லை. செவ்வாய், புதன் அதேதான். வியாழன் மாலை உடம்பு வலி, தெர்மாமீட்டரில் 101 டிகிரி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தார். வெள்ளிக்கிழமை காலை 98.6. 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று இன்னொரு மாத்திரையையும், மூக்கடைப்புக்காக ஒரு கோல்ட் மாத்திரையையும் விழுங்கிவிட்டு ஓடப்போனார். இரண்டாவது கிலோமீட்டரில் படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் செய்தார்.

எங்கே சறுக்கினார்? தெர்மாமீட்டர் காட்டிய 98.6, மாத்திரை காட்டிய எண். பாராசிட்டமாலின் வேலை தீர்ந்ததும் காய்ச்சல் திரும்பவும் ஏறியிருக்கும். அதனால்தான் 'மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை' என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்து, அந்த கோல்ட் மாத்திரை. மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் ரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, சிலருக்குப் படபடப்பும் வரும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும். பல கோல்ட் மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும் என்பதால், இவருக்குத் தெரியாமலேயே இரண்டு டோஸ் போயிருந்தது.

இன்னொன்றும் அவர் பார்க்கவில்லை. காலையில் எழுந்தவுடன், படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன் எடுக்கும் நாடித்துடிப்பு. வழக்கமாக அவருக்கு 62. அன்றைக்கு அவரது வாட்ச் 78 காட்டியிருந்தது, அதை மாலையில்தான் கவனித்தார். வழக்கத்தைவிட 10 கூடுதலாக இருந்தால், உடம்பு இன்னும் சண்டையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ச் இல்லையென்றால் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நன்றாக இருக்கும் நாள்களிலேயே உங்கள் எண் என்ன என்று தெரிந்து வைத்திருந்தால்தான் இது உதவும்.

கழுத்து விதி ஏமாறும் இடங்கள்

இந்த விதி அமெரிக்க ஜலதோஷத்துக்காக எழுதப்பட்டது. நம் ஊர் மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே வரும். டெங்குவின் தொடக்கத்தில் தலைவலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருக்கும். இடத்தை மட்டும் பார்த்தால் அதுவும் கழுத்துக்கு மேலேதான். ஆனால், கூடவே சட்டென்று ஏறும் காய்ச்சல் இருக்கும் என்பதால், அந்த விதி முன்பே தடுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் 3-லிருந்து 7-வது நாளுக்குள், ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். ரத்தத் தட்டணுக்களும் குறைந்திருக்கும். 'ஜுரம் விட்டுடுச்சே' என்று ஜிம்முக்குப் போய்விடாதீர்கள். மழைக்காலத்தில் கடும் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்ற பிறகு ஷூவைத் தேடலாம். வலிக்கு இபுபுரூஃபன் போன்றவற்றை நீங்களாகப் போடவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

இன்னோர் இடம், கல்லூரிப் பிள்ளைகளின் தொண்டைவலி. கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் அசதியோடு நீடித்தால் அது 'மோனோ' எனப்படும் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதில் மண்ணீரல் வீங்கும். வயிற்றில் ஓர் அடி பட்டாலோ, பளு தூக்கினாலோ கிழியக்கூடும். குறைந்தது மூன்று வாரங்கள் கபடி, கால்பந்து, வெயிட் எதுவும் கூடாது. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் இந்த விதி போதாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்களுக்கு 'மேலே மட்டும்' என்று உறுதியானாலும், ஜிம் வேண்டாம். நீங்கள் தும்மிய கையால் பிடித்த டம்பெல்லை அடுத்து எடுப்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. மொட்டைமாடி போதும்.

திரும்பி வருவதற்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஓட்டக்காரர் மருந்தில்லாமல் ஒருநாள் முழுக்கக் காய்ச்சல் இல்லை என்றான பிறகு, முதல் நாள் 20 நிமிட நடை, இரண்டாம் நாள் 30 நிமிட நடை, அதன்பின் நடையும் மெல்லோட்டமும் கலந்து 3 கிலோமீட்டர் என்று ஏறி, ஒன்பதாவது நாளில்தான் பழைய 5 கிலோமீட்டருக்கு வந்தார். ஒவ்வொரு காலையும் நாடி 62-க்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் அடுத்த படி. போட்டிக்குக் கட்டிய பணம் போனதுதான். இப்படி ஏறும்போது நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, முன்பு வாங்காத வேகத்தில் மூச்சு வாங்குவது, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய், 'சமீபத்தில் காய்ச்சல் வந்து போச்சு' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் இ.சி.ஜி எடுத்துப் பார்க்க யோசிப்பார்.