‘கீது’ எந்த ஊர் தமிழ்?

இன்னைக்கு எபிசோடோட ஹீரோ ஒரே ஒரு சொல். ‘கீது’.

திருவண்ணாமலையில கிரிவலம் போனவங்களுக்கு அடி அண்ணாமலையைத் தெரிஞ்சிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில, மலைக்கு மேற்குப் பக்கம் வர்ற ஊர். அந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு வீட்டுல “தண்ணி இருக்கா பாட்டி?”ன்னு கேட்டா, “கீது, மொண்டுக்கோ”ன்னு பதில் வரலாம். யாருக்கும் அது விசித்திரமா படாது. அதே வீட்டுப் பையன் சென்னைக்கு வேலைக்கு வந்து, ஆபீஸ்ல “சார்ஜர் கீதா?”ன்னு கேட்டா, பக்கத்து சீட்ல ஒரு சிரிப்பு வரும். “என்னடா, லோக்கலா பேசுற?”

எந்த ஊரோட லோக்கல்? இந்தக் கேள்விக்குப் பின்னாடி நூத்தைம்பது வருஷ வரலாறு இருக்கு.

முதல்ல சொல்லைப் பிரிச்சுப் பார்ப்போம்

‘இருக்கிறது’ங்கிறது பேச்சுல எல்லா ஊர்லயும் தேய்ஞ்சுதான் போச்சு. பல ஊர்கள்ல வால் பக்கம் தேய்ஞ்சு ‘இருக்கு’ ஆச்சு. வட மாவட்டங்கள்ல தலைப் பக்கம் தேய்ஞ்சு ‘கீது’ ஆச்சு. ‘இருக்கிறான்’ அங்க ‘கீறான்’. ரெண்டுமே சுருக்கம்தான், எந்தப் பக்கம் வெட்டினாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, ‘கொண்டு’. ‘பேசிக்கொண்டு’ன்னு எழுதுறோம், யாரும் அப்படிப் பேசுறதில்ல. மதுரையில ‘பேசிக்கிட்டு’. பிராமணர் வீடுகள்ல ‘பேசிண்டு’. வட ஆற்காட்டுப் பக்கம் ‘பேசிக்கினு’. மூணும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அதுல ‘கினு’ மட்டும் சிரிப்புக்கு ஆளாகுது. கூட்டிட்டு வாங்கிறதுக்கு ‘இட்டுக்கினு வா’ன்னு சொல்றதையும் கேலி பண்ணுவாங்க. ஆனா ‘இட்டுச் சென்றார்’னு எழுதினா அது நல்ல தமிழ்! சொல் ஒண்ணுதான். சொல்ற ஆள்தான் வேற.

‘ழ’வும் அப்படித்தான். தெற்கே பல ஊர்கள்ல ‘பழம்’ ‘பளம்’ ஆகும், வடக்கே ‘பயம்’ ஆகும். ரெண்டு பக்கமும் ‘ழ’ போயிடுச்சு. ஆனா ‘வாயப்பயம்’தான் ஜோக் ஆச்சு.

யார் கொண்டு வந்தாங்க?

‘கீது, கினு, பயம்’ எல்லாத்தையும் நாம மெட்ராஸ் பாஷைன்னு நினைக்கிறோம். ஆனா அதோட இலக்கணம் மெட்ராஸ்ல மட்டும் பிறந்ததில்ல. செங்கல்பட்டு, வட ஆற்காடுன்னு இந்த வட்டாரம் முழுக்கப் புழங்கின பேச்சு அது. மயிலாப்பூர், எழும்பூர் எல்லாம் கோட்டை வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊர்கள். அவங்களுக்கும் பக்கத்து மாவட்டங்களோட பேச்சுதான். அதுக்கு மேல, 19ஆம் நூற்றாண்டுல கிராமத்து ஆட்கள் அலை அலையா நகரத்துக்கு வந்தாங்க.

பெரிய அலை 1876-78 பஞ்சத்துல வந்தது. தாது வருஷத்துல தொடங்கினதால தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்க. மழை பொய்ச்சு, தானிய விலை ஏறி, வேலையும் இல்லாம ஜனங்க மெட்ராஸை நோக்கி நடந்தாங்க. இன்னைக்கு நகரத்துக்குள்ள நாம பார்க்கிற பக்கிங்காம் கால்வாய்ல, கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, பஞ்ச நிவாரண வேலையா வெட்டினதுதான். கூலிக்கு மண் வெட்டினவங்க பேசின தமிழ் அந்தக் கரையில தங்கிடுச்சுன்னு சொன்னா ரொம்பத் தப்பில்ல.

பஞ்சம் முடிஞ்சும் ஆட்கள் வர்றது நிக்கல. துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பட்டறை, பின்னி கம்பெனியோட பக்கிங்காம், கர்னாடிக் மில்கள்னு எல்லாத்துக்கும் ஆள் தேவைப்பட்டாங்க. 1871ல சுமார் 4 லட்சமா இருந்த மெட்ராஸ் ஜனத்தொகை 1901ல 5 லட்சத்தைத் தாண்டிச்சு. வந்தவங்க தெலுங்குக்காரங்களோடயும் உருது பேசுறவங்களோடயும் ஒரே தெருவுல இருந்தாங்க. ‘நைனா’ தெலுங்குல இருந்தும், ‘பேஜார்’ இந்துஸ்தானியில இருந்தும் வந்து ஒட்டிக்கிச்சு. சொற்கள் கலந்துச்சு, ‘கீது’வும் ‘கினு’வும் அப்படியே நின்னுச்சு.

அப்புறம் ஏன் அவமானம் ஆச்சு?

பேசினவங்க செஞ்ச வேலைதான் காரணம். மூட்டை தூக்குறவர், ரிக்‌ஷா இழுக்குறவர், மில் தொழிலாளி. பல பேர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவங்க. காது கேட்டது உச்சரிப்பை. மனசு எடை போட்டது ஆளை.

சினிமா இதை ஊர் ஊரா கொண்டு போச்சு. 1958ல வந்த ‘சபாஷ் மீனா’வுல ரிக்‌ஷாக்காரரா ஜே.பி. சந்திரபாபு பேசின மெட்ராஸ் பாஷை ரொம்பப் பிரபலம். சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில! வெளியூர்ல இருந்து வந்தவர் இந்தப் பேச்சைக் கச்சிதமா பிடிச்சார். ஆனா அதுக்கப்புறமும் திரையில இந்தத் தமிழ் பெரும்பாலும் காமெடியனுக்கும் ரவுடிக்கும்தான் போச்சு. கடலூர்ல பிறந்து சின்ன வயசுலயே மெட்ராஸுக்கு வந்த ஜெயகாந்தன் அதே பேச்சைச் சிரிப்புக்காக இல்லாம, சேரி மனுஷங்களோட துக்கத்துக்கும் கோபத்துக்கும் மொழியா எழுதினார்.

‘நார்மல் தமிழ்’ எங்க உருவாச்சு?

மொழியியல் அறிஞர் ஹெரால்ட் ஷிஃப்மன் இதைப் பத்தி எழுதியிருக்கார். எல்லாருக்கும் பொதுவான பேச்சுத் தமிழ் ஒண்ணு உருவாகியிருக்கு, அது படிச்ச, பிராமணரல்லாதவங்களோட பேச்சை ஒட்டியது, கல்லூரி, ஹாஸ்டல், சினிமா மாதிரி பல ஊர்க்காரங்க கலக்கிற இடங்கள்ல வளர்ந்ததுங்கிறார். அதாவது, அதை யாரும் கமிட்டி போட்டு முடிவு பண்ணல. படிப்பும் மேடையும் யார் கைக்குப் போச்சோ, அவங்க பேச்சு பொதுவாச்சு. அதுல ‘கிட்டு’ உள்ளே, ‘கினு’ வெளியே.

இப்போ அந்த அடி அண்ணாமலைப் பையன்கிட்ட திரும்புவோம். முதல்ல அவன் விடுறது, மத்தவங்க சிரிச்ச சொற்களை. ‘கீது’ போயிடும், ‘இட்டுக்கினு’ போயிடும். ஆனா சொல்லை மாத்துற மாதிரி ராகத்தையும் இழுவையையும் மாத்த முடியாது. கோபம் வந்தாலோ, அம்மாகிட்ட இருந்து போன் வந்தாலோ பழைய பேச்சு தானா வரும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. 1960கள் தொடக்கத்துல வில்லியம் லபோவ் நியூயார்க்ல மூணு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ஸ்ல போய், நாலாவது மாடியில கிடைக்கிற பொருள் எங்கேன்னு கேட்டார். ஊழியர் ‘நாலாவது மாடி’ன்னு ஆங்கிலத்துல சொல்லும்போது ‘ர்’ ஒலி வருதான்னு கவனிச்சார். காதுல விழாத மாதிரி மறுபடி கேட்டார். ரெண்டாவது தடவை, கவனமா சொல்லும்போது, ‘ர்’ அதிகமா வந்துச்சு. விலை உயர்ந்த கடையில அது இன்னும் அதிகம். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு பேச்சு இருக்கும். யார் கேட்கிறாங்கங்கிறதைப் பொறுத்து ஒண்ணு முன்னாடி வரும்.

அதனால ஊர்ப் பேச்சை மாத்திக்கிட்டவங்களை ‘நடிக்கிறான்’னு சொல்லவும் வேணாம். மாத்திக்காதவங்களை ‘லோக்கல்’னு சொல்லவும் வேணாம். ஏன்னா சென்னையில ‘கீது’ன்னு சொல்ற அடி அண்ணாமலைக்காரன் ஊர்ல இருந்து புதுசா எதையும் கொண்டு வரல. அவன் பக்கத்து ஜனங்க கால்வாய் வெட்டவும் மூட்டை தூக்கவும் வந்தப்போ கொண்டு வந்த சொல், அவனுக்கு முன்னாடியே இங்க கீது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.