பாட்டியின் ஏழாம் நம்பர் சப்பாத்து

பாட்டி பால்மரம் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்ட கறுப்பு ரப்பர் சப்பாத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பட்டை இருக்கும். கிழிந்த சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, சப்பாத்தோடு சேர்த்து மேல்பாதத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார். அட்டை ஏறாமலிருக்கக் கட்டுகிறார் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். போன வருஷம் கேட்டேன்.

“அட்டைக்கு அது எதுக்குடா? சப்பாத்து பின்னால கழண்டு கழண்டு வரும். காண்டா வாளியோட மேட்டுல இறங்குறப்ப கழண்டுச்சுன்னா பாலு போச்சு. ஒரு தடவ போச்சு. அன்னிக்கு வெட்டினது அத்தனையும் மண்ணுல.”

பாட்டி எடுத்த நிறைக்குத்தான் காசு. அன்று கிராணியின் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒட்டுப்பாலின் எடை மட்டும் ஏறியது. மறுநாள்தான் டியூப் வந்தது.

இந்தக் கட்டுரை அந்த டியூபைப் பற்றியது.

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். சில வருஷங்களில் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே எழுந்தது. பின்னால் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் பரவி, தமிழ்ச் சனம் லயங்களில் குடியேறியது. சப்பாத்துக்கு வேண்டிய ரப்பரை உலகத்துக்கு இறக்கிக் கொடுத்த இவர்கள் பல பத்தாண்டுகள் வெறுங்காலோடுதான் நிரைக்குள் நடந்தார்கள். ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியாக உடம்புக்குள் ஏறும். தோட்டத்து ரத்தச்சோகைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வெறுங்கால் நடை பாதத்தின் வடிவத்தையும் மாற்றும். இந்தியாவில் வெறுங்காலில் நடந்தே பழகியவர்களின் பாதங்களை அங்கேயே சப்பாத்து போடுபவர்களோடும் ஐரோப்பியர்களோடும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009இல் வந்தது. வெறுங்கால்காரர்களின் பாதம் நீளத்துக்குத் தகுந்ததைவிட அகலமாக இருந்தது. விரல்களை நெருக்க எதுவும் இல்லாததால் முன்பாதம் விரிகிறது. குதிகால் அப்படி விரிவதில்லை. அங்கே விரல்கள் இல்லை, ஒரே எலும்பும் அதைச் சுற்றிய கொழுப்பும்தான். பாட்டியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தபோது கிடைத்த உருவம் விசிறி மாதிரி இருந்தது. முன்னால் விரிந்து, பின்னால் ஒடுங்கி.

இப்போது சப்பாத்தின் பக்கம் வருவோம். எந்தச் சப்பாத்தும் காலை வைத்துச் செய்யப்படுவதில்லை, காலின் உருவத்தில் இருக்கும் ஒரு கட்டையை வைத்துத்தான் செய்யப்படுகிறது. ஆம்பூர் தொழிற்சாலையிலும் அதற்கு லாஸ்ட் என்றுதான் பெயர். தோல் சப்பாத்து என்றால் மேல்தோலை லாஸ்ட் மீது இழுத்து ஒட்டுவார்கள். எங்கள் தோட்டத்து ரப்பர் சப்பாத்து மாதிரி ஒரே வார்ப்பில் வருவதற்கு லாஸ்ட் உலோகத்தில் இருக்கும், அதற்கும் வெளி அச்சுக்கும் நடுவே ரப்பர் போய் நிற்கும். லாஸ்டை உருவிய பின் உள்ளே மிஞ்சும் பள்ளம்தான் நமக்கு விற்கப்படுகிறது. லாஸ்டின் குதி அகலமாக இருந்தால் நம் குதி எப்படி இருந்தாலும் அந்தப் பள்ளம் அகலம்தான்.

பெண்களுக்கென்று ஒழுங்காகச் செய்த லாஸ்ட், ஆண் லாஸ்டைச் சுருக்கியது அல்ல. நீளம் ஒன்றாக இருந்தாலும் குதி ஒடுக்கமாக இருக்கும், மேல்பாதம் தாழ்ந்திருக்கும், அதனால் உள்ளே மொத்தக் கொள்ளளவும் குறையும். அமெரிக்க ராணுவத்தினரின் கால் அளவுகளை வைத்து 2001இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. பெண் பாதம் ஆண் பாதத்தின் சின்னப் பதிப்பு அல்ல, வளைவு, வெளிப்பக்கம், பெருவிரல், முன்பாதம் என்று பல இடங்களில் வடிவமே வேறு. இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஒடுங்கிய குதியுள்ள ஆண்கள் உண்டு, என் மாமா ஒருவர். அகன்ற குதியுள்ள பெண்களும் உண்டு.

நம் ஊர் நம்பர் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. அமெரிக்க அளவில் ஆண்களின் 6 பெண்களுக்கு 7½ ஆகிவிடும், ஏதோ வேறுபாடு உண்டு என்றாவது தெரியும். மலேசியாவில் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. அதில் ஆணின் 5, பெண்ணின் 5 இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். நம்பர் நீளத்தை மட்டும் சொல்லும், குதியைப் பற்றி வாய் திறக்காது. பெட்டியில் ‘யூனிசெக்ஸ்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஆண் லாஸ்ட்தான், இரண்டு பேருக்கும் விற்கிறார்கள் என்று பொருள்.

தோட்டத்துச் சப்பாத்துக்கு அந்த வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. நம்பருக்கு ஒரு அச்சு, அவ்வளவுதான். நாட்டில் அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலிப்பெயர் (அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அடியில் பந்து விளையாட்டுச் சப்பாத்து மாதிரிக் குமிழ்கள், வழுக்காது, விலை மலிவு, சேறு பட்டால் குழாயில் காட்டினால் போதும். நல்ல சப்பாத்துதான், பாட்டியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் கயிறு கிடையாது. கயிறு இல்லாத சப்பாத்தில் கொள்ளளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. 1920களின் கடைசியில் மலாயாவின் சில தோட்டப் பகுதிகளுக்கு அரசாங்கம் கூலி நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தது. பெண்ணின் கை வேறு என்று கணக்கில் எழுத முடிந்திருக்கிறது. அவள் கால் வேறு என்பது மட்டும் பிறகு சப்பாத்து வந்த காலத்திலும் யார் கண்ணிலும் படவில்லை.

பாட்டியின் காலை அளந்தேன். நீளம் 238 மில்லிமீட்டர். விரல்கள் ஆட முன்னால் 15, 16 மில்லிமீட்டர் இடம் வேண்டும், ஆக 254 மில்லிமீட்டர் லாஸ்ட், அதாவது 10 அங்குலம். பிரிட்டிஷ் கணக்கு எளிது: லாஸ்ட் நீளத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி 25ஐக் கழித்தால் நம்பர். பாட்டிக்கு 5.

ஆனால் ஐந்தாம் நம்பருக்குள் பாட்டியின் முன்பாதம் போகாது. விரல் முட்டிகளைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்தால் 242 வருகிறது. அந்தச் சப்பாத்தின் உள்சுற்று, நான் அளந்த அளவில், 230தான். 12 மில்லிமீட்டர் பற்றாக்குறை. ஒரு நம்பர் ஏறினால் அந்தச் சுற்று வழக்கமாகக் கால் அங்குலம், 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கூடும். ஆகவே இரண்டு நம்பர் ஏற வேண்டும். ஏழு.

இங்கேதான் வினை. ஒரு நம்பருக்கு மூன்றில் ஒரு அங்குலம் நீளம் ஏறும். ஏழாம் நம்பர் ஐந்தைவிட 17 மில்லிமீட்டர் நீளம். 16 போதுமான இடத்தில் 33 மில்லிமீட்டர் காலியாகக் கிடக்கும். குதிப்பள்ளமும் கூடவே அகலும், ஏற்கெனவே ஒடுங்கிய குதிக்கு அது இன்னும் தாராளம். இதைவிட மோசம் ஒன்று உண்டு, கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் தெரியாது. நடக்கும்போது கால் மடிவது விரல் முட்டியில். சப்பாத்தும் தனக்கென்று ஓர் இடத்தில் மடியும். பெரிய சப்பாத்தில் அந்த இடம் முட்டியைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. கால் ஓரிடத்திலும் சப்பாத்து ஓரிடத்திலும் மடிந்தால், ஒவ்வொரு எட்டுக்கும் குதி மேலே எழும்பும். மேட்டில் இறங்கும்போது கால் முன்னால் சரிந்து விரல்கள் இடிக்கும். பாட்டியின் பெருவிரல் நகம் கறுத்தே இருந்ததற்கும், குதிக்கு மேல் நரம்பில் காய்ப்பு இருந்ததற்கும் இதுதான் காரணம். கறுத்த நகமும் அந்தக் காய்ப்பும் சேர்ந்து வந்தால் சப்பாத்து சின்னது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பின்பக்கம் பிடிமானம் இல்லாததன் அடையாளம் அது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தோம். ரப்பர் சப்பாத்தில் தண்ணீர் நிற்குமே. விளிம்பு வரை ஊற்றி, பாட்டியை மெல்லக் கால் வைக்கச் சொன்னேன். வழிந்தது போக, காலை எடுத்தபின் உள்ளே மிஞ்சியதை டம்ளரில் ஊற்றினேன். முக்கால் டம்ளர். அத்தனை வெற்றிடத்தோடு முப்பது வருஷம் நடந்திருக்கிறார். “பைத்தியமாடா உனக்கு” என்று காலைத் துடைத்துக்கொண்டார்.

குதி நழுவினால் குதியில்தான் எதையாவது வைக்க வேண்டும் என்று தோன்றும். லயத்தில் பலரும் பின்னால் துணி வைத்தார்கள், அது ஈரமாகிச் சுருண்டு கீழே போய்விடும். கனமான உள்ளட்டை போட்டாலும் கொள்ளளவு குறையும், ஆனால் குதியும் சேர்ந்து உயர்ந்து பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, இன்னும் எளிதாகக் கழலும். உண்மையில் குதியைப் பிடித்து வைப்பது குதியல்ல, மேல்பாதம். சப்பாத்துத் தைப்பவர்கள் குதியின் அடியிலிருந்து மேல்பாத வளைவு வரை சுற்றி ஒரு அளவு எடுப்பார்கள். அந்தச் சுற்று இறுகினால் கால் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் குதி பள்ளத்தில் உட்காரும். கயிற்றுச் சப்பாத்தில் கயிறு செய்யும் வேலை அது. பாட்டியின் சைக்கிள் டியூப் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கட்டிப் பாத்தேன், நின்னுச்சு லா.”

மலாக்கா பட்டணத்தில் வேறு ஒரு வழி இருந்தது. நோன்யா பெண்களின் மணிச்சப்பாத்துக்குப் பின்பக்கமே கிடையாது, குதி வெளியே இருக்கும். பின்பக்கம் இல்லையென்றால் குதி அகலம் என்ற கேள்வியும் இல்லை. நம் செருப்பும் அப்படித்தான். ஆனால் மணிச்சப்பாத்தோடு காண்டா வாளி தூக்கிக்கொண்டு யாரும் மேடு இறங்கப்போவதில்லை.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பாட்டி வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. ரப்பர் சப்பாத்து இப்போது மலையேறுபவர்களின் செல்லப்பிள்ளை. என் தங்கை அசகான் பக்கமிருந்து லேடாங் மலை ஏறப் போகிறேன் என்று ஜாசினில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். போகும்போது ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன்: காலை முன்னால் முட்டவிட்டு, பின்னால் சுட்டுவிரலை விட்டுப் பார், ஒரு விரல் என்றால் சரி, இரண்டு விரல் நுழைந்தால் வைத்துவிட்டு வா, சாய்ந்த இடத்தில் இறங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. தௌக்கே கடை வாசல் சாய்வில் நாலு தடவை ஏறி இறங்கினாளாம்.

ஆறாம் நம்பர். விரல் ஒன்றரை நுழைந்தது. பெண்களுக்கு வேறு உண்டா என்று கேட்டதற்குத் தௌக்கே, எல்லாம் ஒன்றுதான் என்று தலையாட்டியிருக்கிறார்.

பாட்டி சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போனார். அங்கே தாத்தாவின் பழைய சைக்கிள் இன்னும் சுவரில் சாய்ந்திருக்கிறது.