கடைசிப் பத்தி

எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர்க் குழுவில் என்னையும் இழுத்துப் போட்டார்கள். "நீங்கதான் எழுதுறவராச்சே" என்பது ஒன்றுதான் தகுதி. பழைய கோப்புகளைப் பார்த்து, பள்ளியின் வரலாறு என்று நாலு பக்கம் எழுதித் தரவேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சனிக்கிழமை காலை மட்டும் நடக்கும் பள்ளிக்கு அப்படி என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோப்பில் ஒரு செய்தித்தாள் துண்டு இருந்தது. இங்குள்ள இந்தியர்களுக்காக ஆங்கிலத்தில் வந்த வார இதழ் ஒன்றில், 2007-இல் எங்கள் ஆண்டு விழா பற்றி வெளியான செய்தி. ஒரு படம், ஆறு பத்திகள். குத்துவிளக்கு ஏற்றியது யார், சிறப்பு விருந்தினர் என்ன பேசினார், குழந்தைகள் நாடகத்தில் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினார்கள், யார் நன்றி சொன்னார்கள் என்பதெல்லாம் இருந்தது. பெற்றோர்களைப் பற்றி ஒரே வரி: விழா "தன்னார்வலர்களின்" உழைப்பால் நடந்தது. இப்படிப்பட்ட செய்தியை நீங்களும் நூறு முறை படித்திருப்பீர்கள். நானும் முதலில் ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

பிறகு, அந்தக் காலத்தில் இங்கே ஆசிரியையாக இருந்த ஓர் அக்காவிடம் அதைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இத எழுதினதே நான்தாம்ப்பா."

அன்று நிருபர் யாரும் வரவில்லை. புலம்பெயர்ந்தோர் இதழ்களின் சமூகச் செய்திப் பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்பும். சங்கமோ கோயிலோ பள்ளியோ தானே செய்தி எழுதி, படம் இணைத்து அனுப்பும். இதழ் அதை இடத்துக்கு ஏற்ப வெட்டிப் போடும். வெட்டுவது எப்போதும் கீழிருந்துதான். அக்கா அனுப்பியது ஏழு பத்திகள். அச்சில் வராமல் போன ஏழாவது பத்தியில் ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன.

"பத்தொம்பது பேர். அதுல பதினாறு பேர் பொம்பளைங்க. அதுல முக்காவாசி எச்-ஃபோர்" என்றார்.

அந்த "எச்-ஃபோர்" என்னவென்று தெரியாமல் அந்தச் செய்தியைப் படிக்க முடியாது. அமெரிக்காவுக்கு மென்பொருள் வேலைக்கு வருகிறவருக்கு எச்-1பி விசா. அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ கிடைப்பது எச்-4. இதை வைத்துக்கொண்டு கார் ஓட்டலாம், வங்கிக் கணக்கு திறக்கலாம், கல்லூரியில் படிக்கலாம். அப்போது சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது.

ஒய்2கே காலத்திலும் அதற்குப் பிறகும் எச்-1பி விசாக்களின் ஆண்டு உச்சவரம்பு 65,000-இலிருந்து 1,15,000 ஆனது. 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக இருந்தது. அப்படி வந்த பையன்கள் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, தங்களைப் போலவே பொறியியல் படித்த பெண்களை அழைத்து வந்தார்கள். அக்கா கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். இங்கே வந்து இறங்கிய அன்று அவருடைய பயோடேட்டா நின்றுபோனது.

எச்-1பிக்கு ஆறு வருடம்தான் கெடு. ஆறு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்றால் பிள்ளைக்குத் தமிழை ஊரில் போய்ச் சொல்லிக்கொடுத்துக் கொள்ளலாம். ஆனால் 2000-இல் வந்த ஒரு சட்டம், கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் ஆறு வருடத்துக்குப் பிறகும் விசாவை நீட்டித்துக்கொண்டே போக வழி செய்தது. எந்த ஒரு நாட்டுக்காரர்களுக்கும் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியோ அப்படியே இருந்தது. ஆகவே இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஊருக்குத் திரும்புவதும் இல்லை, முழுசாக இங்கே குடியேறியதும் இல்லை. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தமிழ் சொல்லித்தர ஒரு பள்ளி தேவைப்பட்டது. சொல்லித்தர, படித்த, வேலைக்குப் போக முடியாத அம்மாக்கள் இருந்தார்கள். தேவை, ஆள் இரண்டையும் ஒரே விசா வரிசைதான் உண்டாக்கியது.

லாபநோக்கற்ற அமைப்பில் சம்பளமில்லாமல் தொண்டு செய்ய எச்-4 தடை இல்லை. ஆனால் கையில் காசாக எதையும் வாங்கிவிடக்கூடாது என்ற பயம் இருந்தது. பரிசு அட்டை கொடுக்கலாமா என்றுகூட ஒரு வருடம் குழுவில் விவாதித்து, வேண்டாம் என்று விட்டார்களாம். ஆண்டு விழாவில் ஆசிரியர்களை வரிசையாக மேடையேற்றிக் கேடயம் கொடுக்கிற அந்த நீண்ட, போரடிக்கிற நிகழ்ச்சி இருக்கிறதே, அதில் நான் ஒவ்வொரு வருடமும் எழுந்து சமோசா வாங்கப் போவேன். அவர்கள் வாங்கிய ஒரே சம்பளம் அது.

"அழகாகத் தமிழ் பேசினார்கள்" என்ற வரியையும் அக்காவே பிரித்துக் காட்டினார். நாடகத்தில் அரசனாக நடித்த பையன் வசனத்தைத் தமிழில் படிக்கவில்லை. அவன் அப்பா ஆங்கில எழுத்தில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தான். அந்தத் தாளில் `padam` என்று இருந்தால் அது படமா, பாடமா, பதமா, பாதமா? அமைச்சர் நீட்டிய ஓலையைப் பார்த்து "இந்தப் பாடத்தில் இருப்பவள் யார்?" என்று அரசன் கேட்டான். அரங்கம் கைதட்டியது. அக்காவுக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

"கைதட்டல வச்சு ஒண்ணும் தெரியாது. வசனத்துக்கு நடுவுல நிறுத்தி, அடுத்த வரிய உன் வார்த்தையில சொல்லுன்னு கேட்டாத்தான் தெரியும்."

அடுத்த வருடத்திலிருந்து அவர் வகுப்பில் ஆங்கில எழுத்துத் தாள் கிடையாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சின்ன வசனம், ஆனால் தமிழ் எழுத்தில். வசனமும் "வந்துவிட்டான்" இல்லை, வீட்டில் காதில் விழுகிற "வந்துட்டான்". பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ரெண்டே வரி? எதுக்குக் கொச்சைத் தமிழ்? வகுப்பில் பாதிப் பேர் மரமாகவும் மேகமாகவும் நின்ற அந்த வருட விழா சுமாராகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்களாம். அதைப் பற்றி எந்த இதழிலும் செய்தி வரவில்லை. அக்கா எழுதி அனுப்பவில்லை.

2015 மே 26 முதல், கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டிய எச்-1பிகாரர்களின் துணைகள் வேலைக்குப் போகலாம் என்று விதி மாறியது. எங்கள் கோப்பில் அந்த ஆகஸ்ட் மாதக் கூட்டக் குறிப்பு ஒன்று இருக்கிறது. புதிய கல்வியாண்டுக்கு ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை, பெற்றோர்கள் முன்வரவேண்டும் என்கிறது. காரணம் எழுதப்படவில்லை. அந்த ஐவரில் அக்காவும் ஒருவர். பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு, தன்னைவிட வயதில் சிறியவர்களுக்குக் கீழே, டெஸ்டிங் வேலையில் சேர்ந்தார்.

"சனிக்கிழம மட்டும் வந்திருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சனிக்கிழமதான் தூங்க முடிஞ்சுது" என்றார்.

மலருக்கு நான் எழுதிய நாலு பக்கத்தில் சிறப்பு விருந்தினர்கள் யாரும் இல்லை. அச்சில் வராத அந்த ஏழாவது பத்தி அக்காவின் பழைய மின்னஞ்சலில் இருந்தது. பத்தொன்பது பெயர்களையும் எடுத்து, எதிரே அவரவர் ஊரில் படித்த படிப்பையும் விசாரித்துச் சேர்த்தேன். மின்னியல், கட்டுமானம், நுண்ணுயிரியல், ஒரு பல் மருத்துவர். பக்க வடிவமைப்பு செய்கிற தம்பி நேற்று அழைத்தார். இடம் போதவில்லையாம், கடைசிப் பத்தியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

இந்த முறை பட்டியலைத்தான் முதல் பத்தியாக வைத்திருக்கிறேன். கீழிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.