விலக்கக் காலம் (வங்கிவழிக் காப்பீடு)

இந்தியாவில் வாங்கிய காப்பீட்டுப் பாலிசி பிடிக்காவிட்டால், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்து பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம். இதுவே விலக்கக் காலம், அதாவது ‘ஃப்ரீ லுக்’. 2024 விதிமுறைகளுக்கு முன் இது பொதுவாக 15 நாட்களே. இந்த உரிமை ஆயுள் காப்பீட்டுக்கும் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருந்தும்.

வைப்புத்தொகை போடப் போனவருக்கு வங்கியில் பாலிசி விற்கப்படும்போதுதான் இந்த உரிமை அதிகம் தேவைப்படுகிறது. வங்கி வெறும் முகவர். ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனத்துடன். எனவே கிளையில் வாய்மொழியாகச் சொல்வது போதாது. “அடுத்த வாரம் பார்ப்போம்” என்ற பதிலிலேயே பலருக்குக் கெடு கடந்துவிடுகிறது. பாலிசி எண், காரணம், வங்கிக் கணக்கு விவரத்துடன் நிறுவனத்துக்கே மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பி, தேதியுள்ள ஒப்புகை பெற வேண்டும். பாலிசி மின்னஞ்சலில் வந்திருந்தால் அது வந்த நாளே தொடக்கம்.

காப்பு இருந்த நாட்களுக்கான இடர் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவை மட்டுமே கழிக்கப்படும். ஒரு லட்ச ரூபாய் பிரீமியத்தில் முத்திரைத் தீர்வை 200, இடர் கட்டணம் 150 எனக் கொண்டால், பரிசோதனை நடக்காதபோது 99,650 ரூபாய் திரும்பும். யூலிப் பாலிசியில் அன்றைய யூனிட் மதிப்பும் கணக்கில் சேரும். சந்தை இறங்கியிருந்தால் தொகை குறையும்.

விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு ‘பீமா பரோசா’ தளம் அல்லது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என அணுகலாம். தானியங்கிப் பற்று ஆணையையும் வங்கியில் தனியே ரத்து செய்துவிடுங்கள்.