ஒரே பஃபர், இரண்டு சங்கிலிகள்: எல்ஆர்யு கேஷ் வடிவமைப்பு உருவான விதம்

வெகுநாளாகத் தொடப்படாததை முதலில் வெளியேற்றும் எல்ஆர்யு கேஷை, இன்று ஒரு ஹேஷ் மேப்பும் ஓர் இரட்டை இணைப்புப் பட்டியலும் சேர்ந்த அமைப்பாகவே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. இரண்டும் ஒன்றாகவே பிறந்தவை என்ற எண்ணம் அதனால் எழுகிறது. யூனிக்ஸ் மூலநிரல்களை வரிசையாகப் படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. அங்கே பட்டியல் முதலில் வந்தது. ஹேஷ் பின்னால் வந்து சேர்ந்தது.

உதிரி பாகங்கள் முன்பே இருந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் ஹேஷ் முறையை ஓர் உள்குறிப்பில் எழுதினார். முன்னும் பின்னும் செல்லக்கூடிய பட்டியல்களை 1963இல் ஜோசப் வைசன்பாம் தம் ஸ்லிப் அமைப்பில் பயன்படுத்தினார். எதை வெளியேற்றுவது என்ற கேள்வியை 1966இல் பெலாடி விரிவாக ஆராய்ந்தார். மிகச் சிறந்த முறைக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், கடந்தகாலத்தை வைத்து ஊகிக்கும் எல்ஆர்யு நடைமுறைக்கு ஏற்றதாக நின்றது. 1970இல் மேட்சனும் உடன் ஆய்வாளர்களும், எல்ஆர்யுவில் பெரிய கேஷில் இருப்பவற்றுள் சிறிய கேஷில் இருப்பவை எல்லாம் எப்போதும் அடங்கும் என நிறுவினர். இடத்தைக் கூட்டினால் தவறல்கள் கூடாது என்ற உறுதி இதிலிருந்து கிடைத்தது.

இனி 1975இன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு வருவோம். வட்டிலிருந்து படித்த 512 பைட் தொகுதிகளை வைத்துக்கொள்ள அதில் 15 பஃபர்களே இருந்தன. ஒவ்வொரு பஃபரின் தலைப்பிலும் நான்கு பாயிண்டர்கள்: b_forw, b_back இரண்டும் அது எந்தச் சாதனத்தைச் சேர்ந்தது என்ற சங்கிலிக்கு, av_forw, av_back இரண்டும் இப்போது யாரும் பயன்படுத்தாத பஃபர்களின் சங்கிலிக்கு. ஒரே பஃபர் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்கும். இதுதான் வடிவமைப்பின் உயிர்நாடி. வேலை முடிந்ததும் brelse பஃபரைப் பயன்பாட்டில் இல்லாதவற்றின் சங்கிலியின் வாலில் சேர்க்கும்; புதிய தொகுதிக்கு இடம் வேண்டுமானால் getblk தலையிலிருந்து எடுக்கும். சாதனச் சங்கிலியில் அது தொடர்ந்து இருப்பதால், இடையில் யாரேனும் அதே தொகுதியைக் கேட்டால் வட்டுக்குப் போகவே வேண்டாம். நடுவிலிருந்து உருவினால் போதும்:

```
rbp->av_back->av_forw = rbp->av_forw;
rbp->av_forw->av_back = rbp->av_back;
```

இரண்டே வரிகள். ஒற்றை இணைப்பாக இருந்திருந்தால் முந்தைய பஃபரைத் தேடித் தலையிலிருந்து நடக்க வேண்டியிருக்கும். பட்டியலின் தலையும் ஒரு பஃபர் தலைப்பே என்பதால், முதலாவது, கடைசி என்று தனி நிபந்தனை எழுதும் தேவையும் இல்லை.

ஆனால் தேடுதல் இன்னும் ஒவ்வொன்றாக நடப்பதுதான்: சாதனச் சங்கிலியில் முன்னிருந்து பின்னாக. 15 பஃபருக்கு அது பொருட்டல்ல. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தால் பொருட்டுதான். பின்னாளில் வந்த யூனிக்ஸ்களில் சாதனச் சங்கிலியின் இடத்தை ஹேஷ் சங்கிலிகள் பிடித்தன. 1986இல் வெளியான மாரிஸ் பாக் நூல் விவரிப்பது இந்த வடிவத்தையே.

சிறு எடுத்துக்காட்டு ஒன்று. பஃபர்கள் மூன்று, ஹேஷ் என்பது தொகுதி எண்ணை 4ஆல் வகுத்த மீதி. பழையதிலிருந்து புதியதாக வரிசை 8, 5, 3. இப்போது 5 கேட்கப்படுகிறது. சங்கிலி 1இல் கிடைக்கிறது. உருவி எடுத்து, வேலை முடிந்து விடுவித்ததும் வரிசை 8, 3, 5. அடுத்து 9. அதற்கும் மீதி 1தான், ஆனால் அச்சங்கிலியில் 5 மட்டுமே. ஆகவே தலையில் உள்ள 8 வெளியேற வேண்டும். வரிசையிலிருந்து மட்டுமல்ல, சங்கிலி 0இலிருந்தும் அது நீங்க வேண்டும். பின் 9 என்ற எண்ணுடன் சங்கிலி 1இல் சேர்ந்து, விடுவித்ததும் வரிசை 3, 5, 9 ஆகிறது.

இந்த இரண்டாவது நீக்கமே இன்று எழுதப்படும் நிரல்களில் அதிகம் தவறும் இடம். பட்டியலின் கணுவில் மதிப்பை மட்டும் வைத்துச் சாவியை விட்டுவிட்டால், வெளியேற்றும்போது ஹேஷ் மேப்பில் எதை அழிப்பது என்று தெரியாது. மேப் வளர்ந்துகொண்டே போகும். இறந்த கணுவைச் சுட்டும் பதிவுகள் தங்கிவிடும். மேப்பின் அளவும் பட்டியலின் நீளமும் வேறுபட்டால் பிழை இங்கேதான் என்று கொள்ளலாம். அந்தச் சாவிக்கு ஈடாக, பஃபர் தலைப்பில் சாதன எண்ணும் தொகுதி எண்ணும் ஆறாம் பதிப்பிலேயே இருந்தன.

ஜாவா 1.4இல் வந்த LinkedHashMap இதே இணைப்பை நூலகத்துக்குள் கொண்டுவந்தது. அணுகல் வரிசையைத் தேர்ந்தால் get செயல்பாடும் பட்டியலை மாற்றும். படிப்பதுகூட எழுதுவதாகிவிடும் இந்தப் பண்புதான் இவ்வமைப்பின் உண்மையான எல்லை என்பது என் கருத்து. பல இழைகள் ஒரே நேரத்தில் படித்தால், ஒவ்வொன்றும் பூட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதைத் தணிக்க, அண்மையில் இடம்மாறிய ஒரு பதிவை 60 விநாடிக்குள் மீண்டும் இடம்மாற்றாத வழியை மெம்கேஷ்டு கையாண்டது. ரெடிஸ் ஒருபடி மேலே போய்ப் பட்டியலையே விட்டுவிட்டது: இயல்பமைப்பில் 5 சாவிகளை மாதிரியாக எடுத்து, அவற்றுள் பழையதை வெளியேற்றுகிறது.