வாடை வரலைன்னா மீன் நல்ல மீனா? வேக்யூம் பேக்கில் இருக்கும் சிக்கல் இதுதான்!

கெட்டுப்போன மீனை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காற்று உறிஞ்சப்பட்டு சீல் வைக்கப்பட்ட வேக்யூம் பேக் மீனில் மூக்கை மட்டும் நம்ப முடியாது. ஏன்?

காற்று இல்லாதபோது என்ன நடக்கும்?

மீனில் நாற்றத்தை உண்டாக்கும் வழக்கமான பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு ஆக்சிஜன் தேவை. பைக்குள் காற்று இல்லாததால் அவை அடங்கிவிடும். அதனால்தான் மீன் கூடுதல் நாள் தாங்குகிறது.

ஆனால் 'கிளாஸ்ட்ரிடியம் போட்யூலினம்' என்ற பாக்டீரியா நேர் எதிர். ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அது வளரும். கடல், ஏரிகளின் அடிச்சேற்றில் இருக்கும் இதன் வித்துகள் மீனின் குடலுக்குள்ளும் போய்விடும். வளரும்போது நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உருவாக்கும். மீனில் அதிகம் காணப்படும் 'இ' வகை, நாற்றமே இல்லாமல் இந்த வேலையைச் செய்துவிடும்.

ஃபிரிட்ஜில்தானே வைக்கிறோம்?

இங்கேதான் சிக்கல். இந்த 'இ' வகை சுமார் 3 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாக வளர ஆரம்பித்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜ்கள் பெரும்பாலும் 4, 5 டிகிரியில் ஓடுகின்றன. கதவை அடிக்கடி திறந்தால் இன்னும் ஏறும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் வித்துகள் சாகாது. ஐஸ் உருகியதும் மறுபடி விழித்துக்கொள்ளும்.

1963-ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் பேரேரிகளில் பிடித்த வெள்ளை மீனைப் புகையூட்டி, வேக்யூம் பேக் செய்து தென் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். வழியில் போதிய குளிர் இல்லை. டென்னசி உள்ளிட்ட இடங்களில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு போட்யூலிசம் வந்தது, உயிரிழப்புகளும் ஏற்பட்டன. புகையூட்டிய மீனை மறுபடி சமைக்காமல் அப்படியே சாப்பிடுவது வழக்கம் என்பதால், நச்சு அழிய வாய்ப்பே இல்லாமல் போனது.

வீட்டில் என்ன செய்யணும்?

ஃப்ரோசன் பேக் மீனை, சமைக்கும் வரை ஃப்ரீசரிலேயே வைக்கணும். ஐஸ் உருக ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றும் முன், பையை வெட்டி மீனை வெளியே எடுத்து, ஒரு பாத்திரத்தில் மூடி வைக்கணும். காற்று பட்டால் இந்த பாக்டீரியா வளர்வது கடினம். மீன் கெட்டாலும் வழக்கமான வாடை வந்து எச்சரித்துவிடும். சீல் பிரிக்காமல் கிச்சன் மேடையில் ராத்திரி முழுக்க உருக விடுவதுதான் பெரிய தப்பு.

குளிர் விட்டு வெளியே கிடந்த பேக், உப்பிய பேக் என்றால் ருசி பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடணும். 85 டிகிரிக்கு மேல் 5 நிமிடம் சூடாக்கினால் நச்சு அழியும் என்றாலும், சந்தேகமான மீனைச் சமைத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓடணும்?

பொதுவாக 12 முதல் 36 மணி நேரத்தில் அறிகுறிகள் தெரியும். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது முதலில் வரும். பிறகு மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். நச்சுமுறிவு மருந்து, மேற்கொண்டு பாதிப்பு பரவுவதைத்தான் தடுக்கும். அதனால் முதல் அறிகுறியிலேயே போகணும், என்ன மீன் சாப்பிட்டோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லணும்.